ஏழாம் அதிபதி பக்கத்தில் ஒரு ‘வ’

கல்யாணப் பேச்சு தொடங்கியதும் வீட்டில் ஜாதக நோட்டைத் தேடி எடுப்பார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த பக்கத்தில் ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும். கட்டங்களுக்குள் சூரி, சந், செவ் என்று சுருக்கெழுத்தில் கிரகங்கள். அவற்றில் ஏதாவது ஒன்றின் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில் ஒரு ‘வ’ இருக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது வரனும் தட்டிப்போன பிறகு, ஜோதிடரின் விரல் அந்த எழுத்தின்மேல் போய் நிற்கும்.

“ஏழாம் அதிபதி வக்கிரம்மா. அதான் இழுத்துக்கிட்டே போகுது.”

“எப்போ சாமி சரியாகும்?”

“முப்பது தாண்டட்டும்மா. அவசரப்பட்டு முடிச்சா நிலைக்காது.”

இந்த உரையாடல் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஊரில் தினமும் நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. முதல் வரி நடந்ததற்குக் காரணம் சொல்கிறது. கடைசி வரி இனி நடக்கப்போவதையே மாற்றிவிடுகிறது. அடுத்த மாதம் நல்ல வரன் ஒன்று வந்தாலும், “இப்போ வேண்டாம், நேரம் சரியில்லை” என்று அந்தத் தாய் தரகரிடம் சொல்லிவிடுவார். பெண்ணின் கல்யாணம் தள்ளிப் போகும். ‘வ’ சொன்னது பலித்துவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

அந்த ஒற்றை எழுத்தின் பொருள் என்ன, அது எத்தனை பேருடைய ஜாதகத்தில் இருக்கும், அதற்குச் சாஸ்திரமே என்ன பலன் சொல்கிறது என்பது தெரிந்தால், அந்த வரனைத் திருப்பி அனுப்புமுன் ஒரு குடும்பம் இன்னொரு முறை யோசிக்க முடியும்.

லக்னத்திலிருந்து எண்ணி வரும் ஏழாவது ராசி களத்திர ஸ்தானம். கணவன் அல்லது மனைவியைக் குறிக்கும் இடம். அந்த ராசிக்கு உரிய கிரகம் ஏழாம் அதிபதி. மேஷ லக்னத்துக்கு ஏழாம் வீடு துலாம், அதிபதி சுக்கிரன். சிம்ம லக்னத்துக்கு ஏழாம் வீடு கும்பம், அதிபதி சனி. கல்யாணத்தைப் பொறுத்தவரை ‘வ’ இரண்டு விதமாக வரலாம். ஏழாம் அதிபதி எந்த வீட்டில் இருந்தாலும் வக்கிரமாக இருக்கலாம். அல்லது வேறு ஏதாவது ஒரு கிரகம் வக்கிரமாக ஏழாம் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சொல்லப்படும் பலன் ஒன்றுதான்: தாமதம்.

வக்கிரம் என்றால் பின்னோக்கிய நடை. உண்மையில் எந்தக் கிரகமும் பின்னால் போவதில்லை. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம் எடுத்துக்கொள்கிறது; பூமிக்கு ஒரு வருஷம் போதும். உள்வட்டத்தில் வேகமாக ஓடும் பூமி, வெளிவட்டத்தில் மெல்லப் போகும் சனியைத் தாண்டும்போது, பின்னணி நட்சத்திரங்களுக்கு எதிரே சனி சில மாதம் பின்வாங்குவதுபோல் தெரிகிறது. பஸ்ஸில் போகிறவருக்கு, பக்கத்தில் மாட்டுவண்டி பின்னால் நகர்வதுபோல் தெரிகிறதே, அதுதான் இது.

இந்தத் தாண்டல் எப்போது நடக்கும்? பூமியின் ஒரு பக்கம் சூரியனும் நேர் எதிர்ப்பக்கம் சனியும் நிற்கும் சமயத்தில் நடக்கும். அப்போது சனி பூமிக்கு மிக அருகில் இருக்கும். சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே உதித்து, விடிய விடிய வானத்தில் நிற்கும். வருஷத்திலேயே அது மிகப் பிரகாசமாகத் தெரிகிற நாள்கள் அவை. வக்கிரத்தைப் பலம் என்று பழைய நூல்கள் ஏன் சொல்கின்றன என்பதை யோசிக்கும்போது இந்தக் காட்சியை மனசில் வைத்துக்கொள்வது நல்லது. வெறுங்கண்ணால் வானம் பார்த்தவர்களுக்கு, வக்கிரமான சனி மங்கிப்போன சனியாகத் தெரிந்திருக்காது.

சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்கிரமே கிடையாது. இதனால் ஒரு விசித்திரம் உண்டாகிறது. மகர லக்னத்துக்கு ஏழாம் அதிபதி சந்திரன், கும்ப லக்னத்துக்குச் சூரியன். இந்த இரண்டு லக்னக்காரர்களுக்கும் ஏழாம் அதிபதி வக்கிரம் என்ற பேச்சே ஒருநாளும் எழாது. நேர்மாறாக, கடக லக்னத்துக்கும் சிம்ம லக்னத்துக்கும் ஏழாம் அதிபதி சனி. சனி ஒவ்வொரு 378 நாள் சுற்றிலும் ஏறக்குறைய 138 நாள் வக்கிரத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் இந்த லக்னங்களில் பிறந்த நூறு பேரில் முப்பத்தாறு, முப்பத்தேழு பேருக்கு ஏழாம் அதிபதி வக்கிரம். மிதுனத்துக்கும் கன்னிக்கும் ஏழாம் அதிபதி குரு. அவர் வருஷத்தில் சுமார் நாலு மாதம் வக்கிரம், அதாவது நூற்றுக்கு முப்பது பேர். தனுசுக்கும் மீனத்துக்கும் புதன். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். செவ்வாயும் சுக்கிரனும்தான் அபூர்வமாக வக்கிரமாகிறவர்கள், பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட வராது.

பன்னிரண்டு லக்னத்தையும் சேர்த்துப் பார்த்தால் சுமாராக ஆறு பேரில் ஒருவருக்கு ஏழாம் அதிபதி வக்கிரம். ஒரு தெருவில் அறுபது பேர் இருந்தால் பத்துப் பேருக்கு. அந்தப் பத்துப் பேரில் இருபத்துமூன்று வயதில் கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்தவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய ஜாதகத்தை யாரும் எடுத்துப் பார்த்து ‘வ’ இருக்கிறதா என்று தேடுவதில்லை. தேடவேண்டிய அவசியம் வரவில்லை. கல்யாணம் கூடிவராத ஜாதகம்தான் ஜோதிடரின் மேஜைக்கு மூன்றாம் முறை, நாலாம் முறை வருகிறது. அவர் கண்ணில் படும் வக்கிரமெல்லாம் தாமதத்தோடு சேர்ந்தே வருவதற்கு இதுவே முதல் காரணம். ஜோதிடர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்ததைத்தான் சொல்கிறார். அவர் பார்க்க வாய்க்காத ஜாதகங்கள்தான் பாக்கிக் கணக்கு.

சரி, நூல்கள் என்ன சொல்கின்றன? கிரகங்களின் நடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது சூரிய சித்தாந்தம். கிரகங்களின் வலிமையை ஆறு விதத்தில் அளக்கும் ஷட்பலக் கணக்கில், நடையால் வரும் வலிமைக்குச் சேஷ்டா பலம் என்று பெயர். பராசரரின் பெயரில் வழங்கும் ஹோரா சாஸ்திரத்தில் இந்தக் கணக்கின் முழு மதிப்பெண் 60. அதை முழுசாக வாங்குவது வக்கிர கிரகம்தான். வக்கிரமான சுப கிரகம் அரசபோகம் தரும் அளவுக்கு வலுப்பெறும், வக்கிரமான பாவ கிரகம் துன்பமும் அலைச்சலும் தரும் என்பது கல்யாணவர்மரின் சாராவளி சொல்லும் போக்கு. மந்திரேஸ்வரரின் பலதீபிகையும் வக்கிரத்தை உச்சத்துக்கு நிகரான பலமாகவே எடுத்துக்கொள்கிறது. உத்தர காலாமிருதம் மட்டும் தலைகீழாக்குகிறது: உச்ச கிரகம் வக்கிரமானால் நீச பலன், நீச கிரகம் வக்கிரமானால் உச்ச பலன். நம் ஊர் ஜோதிடர்கள் வாயில் அதிகம் புழங்குவது இந்தக் கடைசி விதிதான். ஆக, நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஆனால் வக்கிரம் என்றாலே தாமதம் என்ற ஒற்றைச் சமன்பாடு இவற்றில் எதிலும் இல்லை.

அப்படியானால் தாமதம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? அதற்கு ஜாதகத்தை விட்டுப் பிரசன்னத்துக்குப் போக வேண்டும்.

பிரசன்னம் என்பது கேள்வி கேட்கும் நேரத்துக்குப் போடும் கட்டம். தொலைந்த மாடு கிடைக்குமா, போன ஆள் திரும்புவாரா, பேசிய சம்பந்தம் முடியுமா என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்லும். அரபு, பாரசீக ஜோதிடத்திலிருந்து வடமொழிக்கு வந்த தாஜிக முறையில் ரத்த யோகம் என்று ஒன்று உண்டு. காரியத்தைக் குறிக்கும் இரண்டு கிரகங்கள் நெருங்கி வரும்போது ஒன்று வக்கிரமாகவோ அஸ்தங்கமாகவோ இருந்தால் காரியம் கைக்கு வந்தும் திரும்பிவிடும் என்பது அதன் பலன். இந்தப் பெயர் ‘ரத்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நாம் தினமும் சொல்கிற ‘ரத்து’ம் அதே சொல்தான். 1587-இல் நீலகண்டர் எழுதிய தாஜிக நீலகண்டி இந்த முறையைச் சொல்லும் முக்கியமான நூல். நம் பக்கத்தில், திருவையாற்றில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி வகுத்த கே.பி. முறையிலும் இது இருக்கிறது. பிரசன்னத்தில் காரியத்தைக் காட்டும் கிரகம் வக்கிரமாக இருந்தால், அது நேர்நடைக்குத் திரும்பிய பிறகு காரியம் கூடும். அந்தக் கிரகம் நிற்கும் நட்சத்திரத்தின் அதிபதி வக்கிரமாக இருந்தால், காரியம் கூடாது.

பிரசன்னத்தில் இந்த விதிக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கேள்வி இன்றைக்கு, வக்கிரமும் இன்றைக்கு. சுக்கிரன் இன்னும் முப்பது நாளில் நிவர்த்தியாகும். அதுவரை பொறு என்று ஜோதிடர் சொல்லலாம். முடிவுநாள் பஞ்சாங்கத்திலேயே அச்சாகி இருக்கும். ஆனால் பிறந்த ஜாதகத்தில் கிரகம் அப்படியே உறைந்து நிற்கிறது. பிறந்த அன்று வக்கிரமாக இருந்த சனி, அந்தக் குழந்தை நடை பழகுவதற்கு முன்பே வானத்தில் நேராகத் திரும்பிவிட்டது. கட்டத்தில் மட்டும் ‘வ’ ஆயுள் முழுக்க நிற்கும். பிரசன்னத்துக்கான விதியை அங்கிருந்து தூக்கி ஜாதகத்தில் வைக்கும்போது, “எப்போது சரியாகும்?” என்ற கேள்விக்கு விதிக்குள்ளேயே பதில் கிடையாது. அதனால்தான் ஜோதிடர் ஒரு வயதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் இருபத்தெட்டு என்பார், இன்னொருவர் முப்பது, வேறொருவர் முப்பத்துமூன்று.

வயதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பராசர ஹோரையின் களத்திர அத்தியாயத்தில் கல்யாண வயதுகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. சுக்கிரன் உச்சமாகி ஏழாம் அதிபதி சுபர் வீட்டில் இருந்தால் ஐந்தாவது அல்லது ஒன்பதாவது வயதில் கல்யாணம் என்று அந்தப் பட்டியல் தொடங்குகிறது. முப்பது தாண்டியும் போகிறது. ஐந்து வயதில் கல்யாணம் என்பது இயல்பாக இருந்த சமூகத்தில் பதினெட்டு என்பதே தாமதம். பொறியியல் படித்து, வேலைக்குப் போய், இருபத்தெட்டில் முடிவெடுக்கும் பெண்ணுக்கு அதே அளவுகோலை வைத்துத் தாமதம் என்றால், அளவுகோலைத்தான் சரிபார்க்க வேண்டும்.

இப்போது ஒரு ஜாதகத்தை எடுத்துப் பார்ப்போம். 1994-ஆம் வருஷம், ஆவணி மாதம், திருவாதிரை நட்சத்திரம், சூரியன் உதிக்கும் நேரம், தமிழ்நாடு. இது தனி ஒருவருடைய ஜாதகம் இல்லை. அன்று விடியற்காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் பிறந்த எல்லோருக்கும் கட்டம் இதுவே. ஆவணியில் சூரியன் சிம்மத்தில் இருக்கும். உதயத்தில் லக்னமும் அதுவே. ஆகவே சிம்ம லக்னம், லக்னத்தில் சூரியன். அந்த வருஷம் சனி கும்பத்தில். ஜூன் பிற்பகுதியிலிருந்து நவம்பர் முற்பகுதிவரை வக்கிரம். எனவே ஏழாம் அதிபதியே ஏழாம் வீட்டில், வக்கிரமாக. பயமுறுத்தும் இரண்டு விஷயமும் ஒரே கட்டத்தில் கூடிவிட்டன.

‘வ’ மட்டும் பார்க்கும் கண் இங்கேயே நின்றுவிடும். ஏழில் சனி, அதுவும் வக்கிரம், எதிரே பகைக்கிரகமான சூரியன். போதாதா?

முழுசாகப் பார்க்கும் ஜோதிடர் மேலே போவார். சனி கும்பத்தில் ஆட்சி. கேந்திரத்தில் ஆட்சி பெற்றிருப்பதால் பஞ்ச மகாபுருஷ யோகங்களில் ஒன்றான சச யோகம். சனிக்குத் திக்பலம் கிடைக்கும் இடமே ஏழாம் வீடு. அதோடு வக்கிரத்தால் சேஷ்டா பலம். அன்றைக்குக் குரு துலாத்தில் இருக்கிறார். அவருடைய ஐந்தாம் பார்வை நேராகக் கும்பத்தில் விழுகிறது. பலமுள்ள ஏழாம் அதிபதி, குருவின் பார்வையோடு. சாஸ்திரப்படி இது கெட்டுப்போன களத்திர ஸ்தானம் அல்ல.

அடுத்தது தசை. கல்யாணம் எப்போது என்பதைச் சொல்ல வேண்டியது தசா புத்திதான். திருவாதிரைக்கு ராகு தசையில் பிறப்பு. நட்சத்திரம் பாதி கழிந்திருந்தால் ராகு தசை இருப்பு 9 வருஷம். 2003 வாக்கில் குரு தசை ஆரம்பம், அது 16 வருஷம். 2019 வாக்கில் சனி தசை. இருபத்தைந்து வயதில், சரியாகக் கல்யாணப் பருவத்தில், ஏழாம் அதிபதியின் தசையே நடக்கத் தொடங்குகிறது. அதில் சனியின் சுய புத்தி மூன்று வருஷம், 2022 வரைக்கும். திருவாதிரை என்பதால் மிதுன ராசி. 2019 நவம்பர் முதல் அடுத்த ஒரு வருஷத்தின் பெரும்பகுதி குரு தனுசில், ராசிக்கு ஏழாமிடத்தில். “குரு பலம் வந்தாச்சு, இந்த வருஷம் முடிச்சிடலாம்” என்று சொல்ல இதைவிட நல்ல அமைப்பு வேண்டுமா?

அதே மூன்று வருஷத்தில் இன்னொன்றும் நடந்தது. 2020 ஜனவரியில் திருக்கணிதப்படி சனி மகரத்துக்கு மாறியது. மிதுன ராசிக்கு அது அஷ்டமச் சனி. அதைக் காட்டித் தள்ளிப்போடச் சொன்னவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, மண்டபங்கள் பூட்டி, நிச்சயித்த கல்யாணங்களே தேதி மாறிப் போயின.

இப்போது இரண்டு முடிவையும் வைத்துப் பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் பிறந்த ஒருவருக்கு 2021-இல் கல்யாணம் நடந்திருந்தால், ஏழாம் அதிபதி தசை கொடுத்தது, குரு பார்வை கொடுத்தது, ஆட்சி பெற்ற சனி கொடுத்தது என்று சொல்லலாம். இன்னொருவருக்கு 2026 வரை நடக்கவில்லை என்றால், வக்கிரம் தடுத்தது, அஷ்டமச் சனி தடுத்தது, சூரியன் பார்வை தடுத்தது என்று சொல்லலாம். இரண்டுக்கும் கட்டம் ஒன்றே. எது நடந்தாலும் காரணம் சொல்ல அதற்குள் இடம் இருக்கிறது என்றால், ‘வ’ மட்டும் தனியாகத் தாமதத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வழியில்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். சனி வக்கிரமாக இருக்கும்போது சூரியன் அதற்கு ஏறக்குறைய எதிரே இருந்தாக வேண்டும் என்று பார்த்தோம். ஏழாம் வீட்டில் சனியோ குருவோ வக்கிரமாக இருந்தால், சூரியன் லக்னத்திலோ அதற்கு முன்பின் இரண்டு வீட்டுக்குள்ளோ இருக்கும். லக்னத்தில் சூரியன் என்றால் விடியல். ஆகவே இந்த அமைப்பு உள்ளவர்கள் பெரும்பாலும் பின்னிரவு இரண்டு மணிக்கும் காலை பத்து மணிக்கும் நடுவில் பிறந்தவர்கள். சுக்கிரன், புதன் விஷயம் வேறு. அவை பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் வரும்போது வக்கிரமாகும். எனவே சூரியன் பக்கத்திலேயே இருக்கும். அவை ஏழில் வக்கிரமாக இருந்தால் ஜாதகர் பெரும்பாலும் பொழுது சாயும் வேளையில் பிறந்தவர். சூரியன் ஒளியில் அமுங்கி அஸ்தங்கமாகவும் இருக்கலாம். அப்போது ஜோதிடர் கவலைப்படுவது அஸ்தங்கத்தைப் பற்றியா, வக்கிரத்தைப் பற்றியா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த நுணுக்கத்தை வைத்தே ஜாதகத்தில் போட்டிருக்கும் ‘வ’ சரிதானா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். கட்டத்தில் சனி, குரு, செவ்வாய் இவற்றில் எதற்காவது ‘வ’ இருந்தால், அந்தக் கிரகம் நிற்கும் ராசியை ஒன்று என்று வைத்துச் சூரியன் வரை எண்ண வேண்டும். ஐந்து முதல் ஒன்பதுக்குள் வந்தால் பொருந்துகிறது. வக்கிரம் தொடங்கும், முடியும் நாள்களில் ஒரு ராசி முன்பின் ஆகலாம். எண்ணிக்கை இரண்டு, மூன்று என்றோ, பதினொன்று, பன்னிரண்டு என்றோ வந்தால், நகல் எடுத்தவர் கை தவறியிருக்கிறது. புதனுக்கோ சுக்கிரனுக்கோ ‘வ’ இருந்தால் சூரியன் அதே ராசியிலோ ஒட்டிய ராசியிலோ இருக்க வேண்டும். பழைய நோட்டிலிருந்து புது நோட்டுக்கும், அதிலிருந்து வாட்ஸ்ஆப்புக்கும் ஜாதகம் பெயரும்போது இந்தச் சின்ன எழுத்துதான் முதலில் தொலைகிறது, அல்லது பக்கத்துக் கிரகத்துக்குத் தாவுகிறது.

ராகு, கேது பக்கத்தில் ‘வ’ பார்த்துப் பயப்படும் குடும்பங்களும் உண்டு. கம்ப்யூட்டர் ஜாதகங்களில் இது அதிகம். ராகுவும் கேதுவும் வழக்கமான கணக்கில் எப்போதும் பின்னோக்கியே நகர்பவை. எல்லா ஜாதகத்திலும் அவை அப்படித்தான். ‘ஏழில் ராகு வக்கிரம்’ என்று தனியாக ஒரு தோஷம் சொல்லப்பட்டால் அதை ஏற்கவேண்டியதில்லை.

பரிகாரங்களைப் பொறுத்தவரை, மயிலாடுதுறை மாவட்டத்துத் திருமணஞ்சேரிக்குப் போய் மாலை வாங்கி வருவதும், கல்யாணம் முடிந்து தம்பதியாக மறுபடி அங்கே போவதும் நம்பிக்கை உள்ளவர்களுக்கு நிறைவு தரும் பயணம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. வக்கிர நிவர்த்தி ஹோமம் என்று பெரிய தொகை கேட்பவரிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கலாம்: பிறந்த ஜாதகத்தில் நிவர்த்தி எந்த நாளில் நடக்கும்?

ஜோதிடக் கணிப்பை எண்ணிப் பார்த்த முயற்சி ஒன்று நம் நாட்டில் நடந்திருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் செய்தார்கள். படிப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் என்று இரு சாராரின் ஜாதகங்களையும் சேகரித்து, ஆளுக்கு நாற்பதாக ஜோதிடர்களிடம் கொடுத்தார்கள். பதில் அனுப்பிய 27 பேரின் கணிப்பில் சரியாக வந்தது சராசரியாக 46 சதவீதம். நாணயம் சுண்டினால் கிடைப்பதும் ஏறக்குறைய இதே அளவுதான். 2009-இல் அது வெளியானது. அது கல்யாணத்தைப் பற்றிய சோதனை அல்ல. ஆனால் எப்படி எண்ண வேண்டும் என்பதை அது காட்டுகிறது: ஒரு சாராரை மட்டும் பார்க்காமல் இரு சாராரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அதைச் சின்ன அளவில் ஒரு வீட்டிலேயே செய்யலாம். பீரோவில் இருக்கும் ஜாதகங்களை எல்லாம் எடுக்க வேண்டும்: தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, அத்தை, அண்ணன். ஒவ்வொன்றிலும் லக்னத்தைப் பார்த்து, ஏழாம் அதிபதியைக் கண்டுபிடித்து, அவருக்கு ‘வ’ இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்தில் கல்யாண வயதை எழுத வேண்டும். ‘வ’ இருந்தும் இருபத்திரண்டில் முடித்த சித்தி கிடைப்பார். ‘வ’ இல்லாமல் முப்பத்தைந்து வரை நின்ற பெரியப்பாவும் கிடைப்பார். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத்தான் தன் கல்யாணம் என்று அவர் இருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதையாக இருக்கும்.

கடைசியாக, எந்தப் பஞ்சாங்கம் என்ற கேள்வி. தமிழ்நாட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கணிதமும் புழக்கத்தில் இருக்கின்றன. வாக்கியம் பழைய சூத்திரங்களின்படி கணிப்பது. திருக்கணிதம் வானத்தில் கிரகம் இன்று உள்ள இடத்தை ஒட்டிக் கணிப்பது. சனி விஷயத்தில் இரண்டுக்கும் இடைவெளி பெரிது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே பெயர்ச்சி நடந்தது 2023 டிசம்பர் 20. பதினோரு மாதம் வித்தியாசம். அந்தப் பதினோரு மாதத்துக்குள் ஓர் ஆவணி வந்துபோனது. 1994-இல் போலவே சனி வக்கிரமாக இருந்த ஆவணி. அந்த மாதம் விடியற்காலையில் சிம்ம லக்னத்தில் பிறந்த குழந்தைக்குத் திருக்கணிதத்தில் எழுதிய ஜாதகத்தில், ஏழாம் அதிபதி ஏழில் வக்கிரம். வாக்கியத்தில் எழுதிய ஜாதகத்தில் அதே சனி மகரத்தில், ஆறாம் வீட்டில். அந்தக் குழந்தைகள் இப்போதுதான் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மஞ்சள் தடவிய அவர்களுடைய நோட்டுகள் பீரோவுக்குள் போயாகிவிட்டன.